நாவலில் எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா: நான்கு வழிகளும் அவற்றின் விலையும்

நாவல் எழுத உட்காரும் பலர் இரண்டாவது, மூன்றாவது பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கதை மனதில் தெளிவாக இருக்கும். ஊரும் வீடும் கண்ணுக்குத் தெரியும். முதல் பாத்திரம் வாயைத் திறந்ததும் கை தயங்கும். "நான் வருகிறேன்" என்று எழுதினால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "நான் வர்றேன்" என்று எழுதினால் அடுத்த வரியில் வரும் "என்று சொல்லிவிட்டு எழுந்தாள்" என்பது வேறு யாரோ எழுதியதுபோல ஒட்டாமல் நிற்கும். ஊர் வழக்கில் "வாரேன்" என்று எழுதலாமா என்றால், வெளியூர்க்காரருக்குப் புரியுமா என்ற கவலை வந்துவிடும்.

என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் "எது இயல்பு?" என்றுதான் கேட்கிறார்கள். அதை வைத்து முடிவு எடுக்க முடியாது. தாளில் அச்சாகும் எந்தப் பேச்சும் காதில் விழும் பேச்சு ஆகாது. எழுத்து, பேச்சு என்ற இரண்டு தமிழுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை எங்கே, யாருக்காக, எவ்வளவு பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டால் பதில் கிடைக்கும். ஒரு பாத்திரத்தின் மொழி, பக்கத்தில் இருக்கும் வேறொரு மொழியோடு உரசும்போதுதான் அந்த ஆளைக் காட்டிக்கொடுக்கும். எல்லாரும் ஒரே மாதிரி பேசும் பக்கத்தில், அது எந்தத் தமிழாக இருந்தாலும், மொழி யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு விஷயங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, "என்றாள் செல்லம்மா" என்பதை விரலால் மறைத்துவிட்டுப் படித்தாலும் பேசுவது யார் என்று தெரிகிறதா?

இரண்டாவது, ஒரே ஆள் ஆளுக்குத் தகுந்தபடி பேச்சை மாற்றுவதைக் காட்ட முடிகிறதா? நிஜத்தில் யாரும் ஒரே தமிழை நாள் முழுக்கப் பேசுவதில்லை. அதிகாரியிடம் ஒன்று, பாட்டியிடம் ஒன்று, கோபத்தில் ஒன்று. பாத்திரப் படைப்பில் மொழி செய்கிற வேலையில் பாதிக்கு மேல் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, கதை சொல்பவர் எங்கே நிற்கிறார்? பாத்திரங்களுக்கு மேலேயா, பக்கத்திலா, அவர்களில் ஒருவராகவா?

நான்காவது, செலவு. வாசகரின் கண் எத்தனை இடத்தில் தடுக்கும், முந்நூறு பக்கத்துக்கு உங்களால் அதே முறையைக் குலையாமல் காப்பாற்ற முடியுமா என்பதெல்லாம் இதில் சேரும்.

இவற்றைச் சோதிக்க ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு கூட்டுறவு வங்கி. செல்லம்மா அடகு வைத்த சங்கிலியைத் திருப்ப வந்திருக்கிறாள். கூடவே கல்லூரியில் படிக்கும் பேத்தி கவிதா. எதிரே மேலாளர். தவணை முடிந்து ஏல நோட்டீஸ் போய்விட்டது. அவ்வளவுதான் காட்சி.

## வழி ஒன்று: கதையும் எழுத்துத் தமிழ், பேச்சும் எழுத்துத் தமிழ்

> "ஐயா, சங்கிலியைத் திருப்ப வந்திருக்கிறேன்" என்றாள் செல்லம்மா.
> "தவணைக் காலம் முடிந்துவிட்டது. ஏல அறிவிப்பு அனுப்பப்பட்டுள்ளது" என்றார் மேலாளர்.
> "எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லையே."
> "வந்தது ஆச்சி. நீங்கள்தான் பெட்டிக்குள் போட்டீர்கள்" என்றாள் கவிதா.

படிக்கத் தடையே இல்லை. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் ஒரே வேகத்தில் படிக்கலாம். தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் பேச்சை இப்படி எழுதுவது இயல்பாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மு. வரதராசன் தன் நாவல்களில் உரையாடலை எழுத்து வடிவிலேயே வைத்துக்கொண்டார். அவருக்கு மிகப் பரவலான வாசகர்கள் இருந்தார்கள். அதனால் இதைச் செத்துப்போன வழி என்று ஒதுக்க வேண்டியதில்லை.

ஆனால் மேலே உள்ள காட்சியில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். மேலாளர் பேசுவது அலுவலக மொழி. "அனுப்பப்பட்டுள்ளது" என்று நிஜத்திலும் ஒருவர் சொல்லலாம். எதிரே நிற்பவரைத் தள்ளி நிறுத்த அப்படிச் சொல்பவர்கள் உண்டு. செல்லம்மாவும் "வரவில்லையே" என்று அதே மொழியில் பதில் சொல்வதால் அந்தத் தள்ளல் வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. எழுத்துத் தமிழை ஒரு ஆயுதமாக எடுக்கும் பாத்திரத்தின் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிடுகிறோம். இந்த வழியின் பெரிய மறைமுகச் செலவு இதுதான். சண்டை, கெஞ்சல், கொஞ்சல் மூன்றும் வெளுத்துப் போவது அடுத்த செலவு.

இந்த வழி சரியாகப் பொருந்தும் இடங்களும் உண்டு. பல நூற்றாண்டுக்கு முந்தைய கதையில் அன்றைய பேச்சு எப்படி இருந்தது என்று நமக்கு முழுதாகத் தெரியாது. இன்றைய பேச்சைப் போட்டால் காலம் உடையும். பாத்திரங்கள் உண்மையில் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசிக்கொள்வதைத் தமிழில் தருகிறீர்கள் என்றாலும், வட்டாரச் சாயல் இல்லாத எளிய எழுத்துத் தமிழ்தான் நேர்மையானது. ஆந்திரக் கிராமத்துக்காரர் நெல்லைத் தமிழில் பேசினால் வாசகர் ஊரைத் தவறாக எடுத்துக்கொள்வார். அந்த மாதிரி நாவலில் சொல்தேர்வு, வாக்கிய நீளம், விளிக்கும் முறை ஆகிய மூன்றை வைத்தே ஆட்களைப் பிரிக்க வேண்டும். அது கடினம், ஆனால் முடியும்.

## வழி இரண்டு: கதை எழுத்துத் தமிழ், பேச்சு பேச்சுத் தமிழ்

இன்று பெரும்பாலான தமிழ் நாவல்கள் இந்த வழியில்தான் எழுதப்படுகின்றன. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. கொங்குப் பேச்சை நாவலுக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்த ஆரம்பகால முயற்சி அது. அதன் பிறகு ஒவ்வொரு வட்டாரமும் தன் பேச்சோடு நாவலுக்குள் வந்தது. வாசகர்களும் மேற்கோள் குறிக்குள் ஒரு தமிழ், வெளியே ஒரு தமிழ் என்று படிக்கப் பழகிவிட்டார்கள். தொடக்கத்தில் சொன்ன "ஒட்டாமல் நிற்கும்" பயம் எழுதும்போதுதான் இருக்கும். படிக்கும்போது யாரும் கவனிப்பதில்லை.

அதே காட்சி:

> "ஐயா, சங்கிலியத் திருப்பிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் செல்லம்மா.
> மேலாளர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "தவணைக் காலம் முடிந்துவிட்டது. ஏல அறிவிப்பு அனுப்பப்பட்டுள்ளது."
> "எனக்கு ஒரு காயிதமும் வரலியே."
> "வந்துச்சு ஆச்சி. நீங்கதான பொட்டிக்குள்ள போட்டிய" என்ற கவிதா மேலாளர் பக்கம் திரும்பினாள். "சார், எவ்வளவு கட்டணும்னு சொல்லுங்க. இன்னிக்கே கட்டிடறோம்."
> மேலாளர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். செல்லம்மாவின் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார்.
> "உக்காருங்க ஆச்சி. பாக்கேன்."

இங்கே மூன்று விஷயம் நடக்கிறது. எதையும் கதைசொல்லி விளக்கவில்லை.

மேலாளரின் முதல் பேச்சு வழி ஒன்றில் இருந்ததேதான். சுற்றிலும் பேச்சுத் தமிழ் இருப்பதால் இப்போது அது சுவர் மாதிரி நிற்கிறது. கவிதா ஆச்சியிடம் "போட்டிய" என்கிறாள். அது நெல்லைப் பக்கத்து முடிவு, பொதுப் பேச்சில் "போட்டீங்க" என்று வரும். அடுத்த மூச்சில் மேலாளரிடம் "கட்டிடறோம்" என்று பொதுப் பேச்சுக்கு மாறுகிறாள். இந்தப் பெண் இரண்டு உலகத்திலும் நடமாடத் தெரிந்தவள் என்பது அந்த இரண்டு வினைமுடிவிலேயே வந்துவிட்டது. கடைசியில் மேலாளர் "பாக்கேன்" என்கிறார். "பார்க்கிறேன்" இல்லை, "பாக்கறேன்"கூட இல்லை. அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான் என்பதும், இந்த நிமிடத்தில் மேலாளராக இருப்பதைக் கொஞ்சம் விட்டுவிட்டார் என்பதும் ஒரே சொல்லில் தெரிகிறது. "மேலாளரின் மனம் இளகியது" என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டிய தேவையே இல்லை. எழுதினால் கெட்டுவிடும்.

இந்த வழியைத் தேர்ந்தாலும் வேலை முடிவதில்லை. மூன்று இடத்தில் இது செலவு வைக்கும்.

ஒன்று, மனதுக்குள் ஓடும் பேச்சு. செல்லம்மா நினைப்பதை மேற்கோள் குறியில்லாமல் எழுதும்போது அது எந்தத் தமிழ்? ஒரு அத்தியாயத்தில் "இவன் யார் என்னைக் கேட்க?" என்றும், அடுத்ததில் "இவன் யாரு என்னயக் கேக்க?" என்றும் இருந்தால் வாசகருக்குக் காரணம் தெரியாமலே நெருடும். முன்கூட்டியே ஒரு முடிவு வேண்டும்.

இரண்டு, பேச்சுக்குள்ளேயே இன்னொருவர் பேச்சைச் சொல்வது. "அவரு வர்றேன்னாரு" என்று கவிதா சொல்லும்போது அந்த "வர்றேன்" அவருடையதா, கவிதாவுடையதா? ஊர்வழக்குக்காரர் ஒருவர் அதிகாரியின் பேச்சைத் திருப்பிச் சொல்லும்போது பெரும்பாலும் தன் வழக்கில் மாற்றித்தான் சொல்வார். எப்போதாவது அப்படியே போலிசெய்து சொன்னால் அதில் கேலி இருக்கும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்து பயன்படுத்தினால் பெரிய பலம்.

மூன்று, எழுத்துக்கூட்டல். அதற்குத் தனியாக வருகிறேன்.

## வழி மூன்று: கதையும் பேச்சும் பேச்சுத் தமிழிலேயே

1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' தன் கதையைச் சொல்லும் மொழியாகவே ஊர்ப் பேச்சை வைத்துக்கொண்டது. எழுத்துத் தமிழ் தரும் மரியாதையைக் கடன் வாங்காமல் தன் மக்களின் மொழியிலேயே சொல்வது என்பது அந்த நூலின் நிலைப்பாட்டோடு சேர்ந்தது. சொல்பவர் யார், ஏன் இப்படிச் சொல்கிறார் என்பதற்கு அங்கே உறுதியான பதில் இருக்கிறது. இந்த வழியில் இறங்கும் எவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான்.

நம் காட்சியைக் கவிதா சொல்வதாக வைத்துக்கொள்வோம்:

> ஆச்சி சங்கிலியத் திருப்பணும்னு காலைலேயே கெளம்பி நிக்கா. பேங்க்ல போய் நின்னா அந்த மேனேஜரு மூஞ்சியக்கூடத் தூக்கல. தவணைக் காலம் முடிந்துவிட்டதுங்கான். ஏல அறிவிப்பு அனுப்பப்பட்டுள்ளதுங்கான். ஆச்சிக்கு ஒண்ணும் வெளங்கல. எனக்குக் கோவம் கோவமா வருது. ஆனா வாய்ல சார் சார்னுதான் வருது.

வழி இரண்டில் இல்லாத ஒன்று இங்கே கிடைத்திருக்கிறது. "முடிந்துவிட்டதுங்கான்." அலுவலகத் தமிழை அப்படியே எடுத்து, அதன் வாலில் தன் ஊரின் "ங்கான்" என்பதை ஒட்டிவிடுகிறாள். நேரில் "சார்" என்பவள் நமக்குச் சொல்லும்போது "-ஆன்" விகுதிக்கு இறங்கிவிடுகிறாள். அவளுடைய கோபமும் அவளால் நேரில் என்ன முடியவில்லை என்பதும் இலக்கணத்திலேயே இருக்கிறது. இதற்கு ஈடாக எழுத்துத் தமிழில் எதையும் செய்ய முடியாது.

இழப்பும் அதே அளவு. மேலாளர் கடைசியில் "பாக்கேன்" என்று சொன்னாலும், பக்கம் முழுக்க அதே வழக்கு ஓடுவதால் அந்தச் சறுக்கல் பாதிதான் கேட்கும். கவிதா இல்லாத அறையில் நடப்பதைச் சொல்ல முடியாது. இருபது வருடத்தை ஒரு பத்தியில் தாண்ட வேண்டும், ஒரு நிலத் தகராறின் வரலாற்றைச் சுருக்கிச் சொல்ல வேண்டும் என்று வரும்போது பேச்சு நடையில் "அப்புறம்", "பெறகு", "அதான்" என்று இணைப்புச் சொற்கள் குவிந்துவிடும். "-ன்னு" என்று முடியும் வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். சத்தமாகப் படித்தால் அழகாக இருக்கும். கண்ணால் நூறு பக்கம் படிப்பவருக்கு மூச்சு முட்டும்.

படர்க்கையில், "அவள்", "அவன்" என்று யாரோ சொல்கிற மாதிரி, முழு நாவலையும் பேச்சுத் தமிழில் எழுத நினைப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பேச்சு என்று வந்தாலே பேசும் வாய் ஒன்று இருக்கும். அது எந்த ஊர், என்ன வயது, ஆணா பெண்ணா, யாரை "அவரு" என்பார், யாரை "அவன்" என்பார் என்று வாசகர் தேடுவார். பதில் இல்லாவிட்டால் நடை மட்டும் பேச்சாக, ஆள் இல்லாமல் தொங்கும். கிராமத்துப் பெரியவர் திண்ணையில் சொல்வதாக வைத்தால் அந்தப் பெரியவரும் ஒரு பாத்திரம் ஆகிவிடுகிறார். அவர் எதைப் பார்த்திருக்க முடியும், எதைச் சொல்ல மாட்டார் என்பதெல்லாம் உங்கள் கதையைக் கட்டுப்படுத்தும். அதை வரவேற்கும் கதை என்றால் தயங்காமல் இறங்கலாம்.

## வழி நான்கு: எழுத்து இலக்கணம், பாத்திரத்தின் சொற்கள்

இதை வழி இரண்டின் உட்பிரிவு என்றும் சொல்லலாம். கதை சொல்லும் வாக்கியத்தின் வினைமுற்றும் வேற்றுமையும் எழுத்துத் தமிழ். சொற்களும் பார்வையும் மட்டும் அந்த அத்தியாயத்தில் யாருடைய தோளுக்குப் பின்னால் நிற்கிறோமோ அவருடையது.

> செல்லம்மா படியேறி வந்தாள். எந்தப் பாவி இந்தப் படியை இம்புட்டு உயரமாகக் கட்டினான் என்று தெரியவில்லை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காற்று எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

"கட்டினான்", "தெரியவில்லை", "ஓடிக்கொண்டிருந்தது" எல்லாம் எழுத்து வடிவம். "எந்தப் பாவி", "இம்புட்டு" செல்லம்மா. மேற்கோள் குறி எதுவும் இல்லாமலே அவள் மனது கேட்கிறது. அடுத்த அத்தியாயம் மேலாளருடையது என்றால் "பாவி"யும் "இம்புட்டு"ம் மறைந்து "நிலுவை", "வாராக்கடன்" என்று வேறு சொற்கள் வரும். இலக்கணம் மாறாததால் வாசகர் வழுக்காமல் கூடவே வருவார். மனதுக்குள் ஓடும் பேச்சுக்கு எந்தத் தமிழ் என்று வழி இரண்டில் எழுந்த கேள்விக்கும் இதுவே விடை.

நான்கு வழிகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. கடினமானதும் இதுதான். இரண்டு மூன்று ஊர்ச்சொல் தாண்டினால் கதைசொல்லி வேஷம் போடுகிற மாதிரி ஆகிவிடும். குறைந்தால் ஒன்றுமே நடக்காது. மெய்ப்புப் பார்ப்பவர் "இம்புட்டு" என்பதைப் பிழை என்று நினைத்து "இவ்வளவு" என்று திருத்திவிடவும் கூடும். கையெழுத்துப் பிரதியோடு ஒரு குறிப்பு எழுதி அனுப்புவது நல்லது.

| வழி | பேசுபவர் பிரிவது | ஆளுக்கு ஆள் மாறுவது | படிக்கும் வேகம் | பெரிய செலவு |
|---|---|---|---|---|
| எல்லாம் எழுத்து | குறைவு | தெரியாது | தடையில்லை | அதிகாரத் தொனியும் சண்டையும் வெளுக்கும் |
| கதை எழுத்து, பேச்சு பேச்சு | நன்றாக | மிக நன்றாக | சிறிய தடை | எழுத்துக்கூட்டல், மனப்பேச்சு |
| எல்லாம் பேச்சு | சொல்பவர் மட்டும் மிக நன்றாக | பாதி | வெளியூர்க்காரருக்கு மெதுவாகும் | சொல்பவர் பார்த்ததை மட்டுமே சொல்ல முடியும் |
| எழுத்து இலக்கணம், பாத்திரச் சொல் | நன்றாக | நன்றாக | தடையில்லை | அளவு தப்பினால் செயற்கை |

## எழுத்துக்கூட்டலில் ஒளிந்திருக்கும் அநியாயம்

வழி இரண்டைத் தேர்ந்தவர்கள் அதிகம் என்பதால் இதை நிதானமாகப் பார்க்கலாம்.

"உடம்பு" என்பதைப் பேச்சில் பெரும்பாலானோர் "ஒடம்பு" என்றுதான் சொல்கிறோம். "இடம்" "எடம்" ஆகிறது. "இலை" "எலை" ஆகிறது. மருத்துவரும் சொல்கிறார், அவர் வீட்டில் வேலை செய்பவரும் சொல்கிறார். ஆனால் எத்தனையோ கதைகளில் மருத்துவர் "உடம்பு எப்படி இருக்கு?" என்பார், வேலைக்காரம்மா "ஒடம்பு வலிக்குதுய்யா" என்பார். இரண்டு பேர் வாயிலும் ஒரே ஒலிதான். தாளில் மட்டும் ஒருவர் படித்தவராகவும் ஒருவர் படிக்காதவராகவும் ஆகிவிட்டார். பாத்திரத்துக்கு இடையில் இல்லாத ஒரு வித்தியாசத்தை எழுத்துக்கூட்டல் மட்டும் உண்டாக்குகிறது. எழுதுபவர் இதை வேண்டுமென்று செய்வதில்லை. கை தானாகச் செய்துவிடும். அதனால்தான் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

என் பரிந்துரை இது. எல்லாரும் ஒரே மாதிரி உச்சரிக்கும் ஒலிமாற்றங்களை யாருக்குமே எழுதாதீர்கள், அல்லது எல்லாருக்கும் எழுதுங்கள். எழுதாமல் விட்டாலும் தமிழ் வாசகர் மனதுக்குள் "ஒடம்பு" என்றே படித்துக்கொள்வார். மேலே செல்லம்மாவின் காட்சியிலும் இதைச் சோதிக்கலாம். "பொட்டி" என்று கவிதா சொல்கிறாள். மேலாளர் எங்காவது "பெட்டி" என்று சொல்ல நேர்ந்தால், அது அவர் அலுவலகத் தமிழ் பேசும் இடமாக மட்டுமே இருக்க வேண்டும்.

ஆட்களைப் பிரிக்கும் வேலையை வினைமுடிவுகளிடம் கொடுங்கள். "எடுத்துக்கொண்டு" என்ற ஒன்றே போதும். பொதுப் பேச்சில் "எடுத்துக்கிட்டு", பிராமணப் பேச்சில் "எடுத்துண்டு", சென்னைப் பேச்சில் "எடுத்துக்கினு". "சொல்கிறேன்" நெல்லையில் "சொல்லுதேன்". "வருகிறேன்" யாழ்ப்பாணத்தில் "வாறன்". ஒரு வாக்கியத்தில் இப்படி ஒரு முடிவும் விளிக்கும் சொல் ஒன்றும் இருந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். மீதிச் சொற்களைக் கண்ணுக்குப் பழகிய வடிவத்தில் விட்டுவிடலாம். வாசகரும் தடுக்காமல் போவார், ஊரும் கேட்கும்.

இன்னொரு சிக்கல், நம் எழுத்தில் காட்ட முடியாத ஒலி. பேச்சில் "போனான்" என்பதன் கடைசி "ன்" மூக்கொலியாகக் கரைந்துவிடும். "போனாள்" என்பதன் "ள்" முழுதாகவே விழுந்து "போனா" ஆகும். "போனால்" என்பதும் "போனா"தான். காதுக்கு மூக்கொலியை வைத்து ஆண்பாலைப் பிரித்துவிட முடியும். தாளில் "ன்"னையும் விட்டுவிட்டால் மூன்றும் ஒரே "போனா" ஆகிவிடும். அதனால் ஆண்பாலில் "ன்" இருக்கட்டும். மற்ற இரண்டையும் வாக்கிய அமைப்பு பிரிக்க வேண்டும். "அவ வந்தா நான் போயிட்டேன்" என்று எழுதினால் வாசகர் ஒரு நொடி நிற்பார். "அவ வந்தா. நான் போயிட்டேன்" என்று முற்றுப்புள்ளி வைத்தாலோ, "வந்தான்னா" என்று மாற்றினாலோ சரியாகும் என்று தோன்றும். இரண்டாவது வழியில் "வந்தான் என்றால்" என்றும் படிக்கலாம் என்பதால் புதிய குழப்பம்தான். புள்ளியே நல்லது.

## "அவன்", "அவர்": கதைசொல்லி தப்பிக்க முடியாத இடம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் இது வரும். மேலே உள்ள காட்சியில் நான் "என்றார் மேலாளர்" என்றும் "என்றாள் செல்லம்மா" என்றும் எழுதியிருக்கிறேன். செல்லம்மா அறுபதைத் தாண்டியவள். மேலாளருக்கு நாற்பது இருக்கலாம். கதைசொல்லி ஏன் அவருக்கு "ஆர்" கொடுத்து இவளுக்கு "ஆள்" கொடுக்கிறார்? எழுத்துத் தமிழில் படர்க்கையில் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் வினைமுற்று மரியாதையைத் தீர்மானித்துவிடுகிறது. நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் கதைசொல்லியின் சாதி, வர்க்கம், வயது எல்லாம் இங்கேதான் கசியும்.

மூன்று தீர்வுகள் நடைமுறையில் உண்டு. எல்லாருக்கும் "அவன்", "அவள்" என்று சமமாக வைக்கலாம். நாவல் என்ற வடிவத்தில் இதை வாசகர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், மரியாதைக் குறைவாக எடுப்பதில்லை. எல்லாருக்கும் "அவர்" என்று வைத்தால் கொஞ்சம் செய்தித்தாள் வாசம் வரும், ஆணா பெண்ணா என்பதும் மங்கும். மூன்றாவது, அத்தியாயம் யாருடைய பார்வையோ அவர் எப்படி அழைப்பாரோ அப்படி. செல்லம்மாவின் அத்தியாயத்தில் மேலாளர் "அவர்", அவருடைய அம்மாவின் அத்தியாயத்தில் அதே ஆள் "அவன்". வழி நான்கோடு இது இயல்பாகச் சேரும். நான் மேலே செய்தது முதலாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. பார்வை யாருடையது என்று சொல்லாமலே ஒருவருக்கு மட்டும் மரியாதை. திருத்தும்போது "என்றான் மேலாளர்" என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். காட்சியின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடனே தெரியும்.

## யாருக்கு எது

பல ஊர், பல சாதி, பல வயது ஆட்கள் ஒரே இடத்தில் சந்திக்கும் நாவல் என்றால் வழி இரண்டு. அலுவலகம், நீதிமன்றம், பள்ளிக்கூடம், கல்யாண வீடு எல்லாம் இதில் வரும். மொழி மாறுவதே கதை ஆகும் இடங்கள் இவை.

ஒரே வழக்கு பேசும் ஒரே தெருவின் கதை என்றால், அந்தத் தெருவில் ஒருவர் சொல்ல வழி மூன்றும், இரண்டு மூன்று பேர் பார்வையில் நகர்த்த வழி நான்கும் பொருந்தும். ஆனால் அந்த வழக்கு உங்கள் வாயில் இருக்க வேண்டும். காதால் மட்டும் கேட்ட வழக்கை உரையாடலில் நாலு வரி சமாளிக்கலாம், முந்நூறு பக்கம் சொல்ல முடியாது. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கும் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் தொகுத்த சொல்லகராதிகள் ஒரு சொல்லைச் சரிபார்க்க நல்ல துணை. வாக்கியத்தின் ஓட்டத்தை எந்த அகராதியும் தராது.

பழைய காலம், வேற்றுமொழிப் பாத்திரங்கள் என்றால் வழி ஒன்று. வழி இரண்டில் எழுதும்போதும் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இதைக் கொடுக்கலாம். மேடைப்பேச்சுக்குப் பழகிய கட்சிக்காரர், வீட்டிலும் எழுத்துத் தமிழ் பேசும் தமிழாசிரியர் போன்றவர்களுக்கு. அவர் ஒரே ஒரு காட்சியில், மருத்துவமனை வாசலில், "என்னால முடியல" என்று சொல்லும் வரை காத்திருந்து அதைச் செலவழியுங்கள்.

முடிவெடுத்த பிறகும் சந்தேகம் இருந்தால், மூன்று பேராவது பேசும் ஒரு காட்சியை இரண்டு வழியில் முழுதாக எழுதுங்கள். அதே வட்டாரத்துக்காரர் ஒருவரிடமும் வெளியூர்க்காரர் ஒருவரிடமும் சத்தமாகப் படிக்கக் கொடுங்கள். உள்ளூர்க்காரர் எந்தச் சொல்லில் சிரிக்கிறார் என்று கவனியுங்கள். அங்கே வழக்கு தப்பியிருக்கும். வெளியூர்க்காரர் எந்த வரியைத் திரும்பப் படிக்கிறார் என்று பாருங்கள். அங்கே எழுத்துக்கூட்டல் தப்பியிருக்கும். தேர்ந்த வழியில் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் "சொல்கிறேன்", "எடுத்துக்கொண்டு", "வந்தார்கள்", "இல்லை" ஆகிய நான்கும் எப்படி வரும், யார் யாரை நீ, நீங்க, நீரு என்பார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நூறாவது பக்கத்தில் செல்லம்மா திடீரென்று "சொல்றேன்" என்று சொன்னால், அவள் யாருக்காகவோ பேச்சை மாற்றினாளா, நீங்கள் மறந்துவிட்டீர்களா என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.